மூன்று வார முன்னோட்டத் திட்டம்: கொத்தனார், எலக்ட்ரீசியன், சரக்கு வண்டி மூன்றையும் ஒரே தாளில் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களிடம் முழு வேலைக்கும் அட்டவணை இருக்கிறது. பிறகு எதற்கு இந்த மூன்று வாரத் தாள்?

முழு அட்டவணையில் "நான்காம் மாடி பிளாக் சுவர், 12 நாள்" என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குள் எந்த வீட்டில் எந்த நாள் யார் நிற்பார்கள், பிளாக் எந்தக் காலையில் மேலே ஏறும், லிண்டல் வார்த்தாயிற்றா, சுவிட்ச் பாக்ஸின் இடத்தை யார் உறுதி செய்தார்கள் என்பது எதுவும் தெரியாது. மூன்று வாரத் தாள் அந்த ஒரு கோட்டைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் "இதைத் தொடங்க என்ன குறை?" என்று கேட்கிறது. வேலைகளின் பட்டியலை விட அந்தக் குறைகளின் பட்டியல்தான் அதில் முக்கியம்.

1990களில் க்ளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் வளர்த்தெடுத்த 'லாஸ்ட் பிளானர்' என்ற கட்டுமானத் திட்டமிடல் முறையில் இது ஒரு படி. பெயர் தெரியாமலேயே நல்ல மேஸ்திரிகள் பலர் இதை மனதுக்குள் செய்து வந்திருக்கிறார்கள். ஆனால் மேஸ்திரி மனதில் இருப்பது எலக்ட்ரீசியனுக்குத் தெரியாது. பிளாக் லோடு அனுப்புகிறவருக்கோ அறவே தெரியாது.

ஏன் மூன்று வாரம்? ஒரு வாரம் போதாதா?

பிளாக் சப்ளையர் ஆர்டரை உறுதி செய்ததிலிருந்து பத்து நாளில்தான் லோடு அனுப்புவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத் திட்டத்தில் அந்தக் குறை கண்ணில் படும்போது ஆர்டர் போடும் நாள் ஏற்கெனவே கடந்திருக்கும். உங்கள் சைட்டில் வழக்கமாக வரும் பொருட்களில் எது மிக நீண்ட நாள் எடுக்கிறதோ, அதை விடச் சற்றே நீண்டதாகத் தாள் இருந்தால் போதும். சுவர், கான்ட்யூட், பூச்சு வரைக்கும் மூன்று வாரம் சரியாக வரும். லிஃப்ட், ஜன்னல் சட்டம் போன்றவற்றுக்குப் போதாது. அவற்றை முழு அட்டவணையில்தான் பிடிக்க வேண்டும்.

மூன்று வாரத்தையும் ஒரே நுணுக்கத்தில் எழுத வேண்டாம். முதல் வாரத்தில் நாள், வீடு, ஆள் மூன்றும் இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்துக்கு நாளும் வீடும் போதும். மூன்றாம் வாரத்தில் என்ன வேலை, அதற்கு எது தடை என்று இருந்தால் சரி.

ஒரு உண்மையான மாடியை எடுத்துப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒரு மாடியில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு வீடுகள். உள்சுவர் எல்லாம் 100 மிமீ தடிமன் சாலிட் கான்கிரீட் பிளாக், முகம் 400-க்கு 200 மிமீ. வாசல், ஜன்னலைக் கழித்தால் ஒரு வீட்டுக்கு 80 சதுர மீட்டர் சுவர். சுவரின் உயரம் 2.8 மீட்டர், அதாவது 14 வரிசை. கையில் நான்கு ஜோடி ஆட்கள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கொத்தனார், ஒரு உதவியாள். கீழ் மாடியில் அளந்து பார்த்ததில் ஒரு ஜோடி நாளுக்கு 8 சதுர மீட்டர் கட்டியிருக்கிறது. இந்த எண்ணை எந்தக் கையேட்டிலிருந்தும் எடுக்காதீர்கள். உங்கள் ஆட்கள் போன இரண்டு வாரத்தில் கட்டியதை டேப் பிடித்து அளந்து எடுங்கள்.

நான்கு ஜோடிக்கு நாளுக்கு 32 சதுர மீட்டர். இரண்டு வீட்டுக்கு 160 சதுர மீட்டர், ஐந்து நாள். முதல் வரிசை வைத்து மூலைமட்டம் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு வேலை நாள் கொண்ட ஒரு வாரம். ஆக முதல் வாரம் அ, ஆ. இரண்டாம் வாரம் இ, ஈ. மூன்றாம் வாரம் திங்கட்கிழமை நான்கு ஜோடியும் பூச்சுக்கு மாற்றம். முதலில் எழுதிய தாள் இப்படித்தான் இருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது.

அடுத்து ஒவ்வொரு வரிக்கும் "தொடங்க என்ன குறை?" என்று கேட்டோம். பூச்சு தொடங்க வேண்டுமானால் சுவருக்குள் கான்ட்யூட் போயிருக்க வேண்டும். கான்ட்யூட் போக வேண்டுமானால் காடி வெட்ட வேண்டும். பச்சைச் சுவரில் வெட்டினால் பிளாக் அசையும், இணைப்புச் சாந்து விட்டுவிடும். சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகே வெட்டு என்பது அந்த சைட்டின் விதி. அ வீட்டின் மேல்பாதி முதல் வார வியாழன் முடிகிறது. ஏழு நாள் சேர்த்தால் இரண்டாம் வார வியாழன். எலக்ட்ரீசியன் வெள்ளிதான் அ வீட்டில் கை வைக்க முடியும். வெட்டி, பைப் பதித்து, பாக்ஸ் வைக்க அவருடைய ஆட்களுக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். வெள்ளி, சனி அ வீடு. ஆ வீட்டின் மேல்பாதி சனி முடிவதால் அதற்கு ஏழாம் நாள் அடுத்த சனி. அங்கே மூன்றாம் வாரத் திங்கள், செவ்வாய்.

திங்களன்று அ வீட்டில் காடியை அடைத்து, அடைத்த இடத்திலும் பிளாக் கான்கிரீட்டைத் தொடும் இடத்திலும் கம்பிவலை அடித்து, அது இறுகிய பிறகே பூச்சு. ஆக பூச்சு தொடங்குவது மூன்றாம் வார வியாழன், அதுவும் ஒரே வீட்டில். இ வீட்டில் காடி வெட்டு மூன்றாம் வார வெள்ளி. ஈ வீடு நான்காம் வாரத்துக்குப் போய்விட்டது. அழகாக இருந்த தாளின்படி நான்கு ஜோடி திங்கட்கிழமை சாந்துச் சட்டியோடு வந்திருப்பார்கள். ஒரு ஜோடிக்கு மட்டும் காடி அடைக்கும் வேலை இருந்திருக்கும். மூன்று ஜோடி மூன்று நாள் சும்மா. இது தெரிந்தது அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டரை வாரம் முன்னால்.

அப்படித் தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?

மேசையில் மூன்று யோசனைகள் இருந்தன.

எலக்ட்ரீசியனை முன்னாலேயே இறக்கலாமா என்பது முதல் யோசனை. ஏழு நாளை நான்காகக் குறைக்கக் கேட்டார்கள். மறுத்துவிட்டோம். 100 மிமீ சுவர் மெல்லியது. அதை அசைத்துவிட்டால் பூச்சுக்குப் பிறகு காடி ஓடிய வழியே முடிக்கோடு போல விரிசல் வரும், அப்போது யார் மீது பழி என்று ஒரு மாதம் பேச வேண்டியிருக்கும்.

இரண்டாவது, இரண்டாம் வாரத்தில் ஒரு ஜோடியைக் குறைப்பது. மூன்று ஜோடி என்றால் நாளுக்கு 24 சதுர மீட்டர், இ, ஈ இரண்டும் முடிய ஏறக்குறைய ஏழு நாள். சும்மா இருப்பவர்கள் குறைவார்கள். ஆனால் ஈ வீடு இன்னும் பின்னால் போகும். அது பிடிக்கவில்லை.

மூன்றாவது, மூன்றாம் வாரத் திங்கள் முதல் மூன்று ஜோடியை மேல் மாடிக்கு அனுப்பிச் சுவரைத் தொடங்குவது. இதைத்தான் எடுத்தோம். எடுத்த அந்த நிமிடமே மூன்று புதிய தடைகள் பிறந்தன. மேல் மாடியில் கூரைக்கான முட்டுகள் அன்றைக்குள் எடுபடுமா? இதற்குப் பொறியாளர் எழுத்தில் தேதி தர வேண்டும். மேல் மாடிக்கு பிளாக் வேண்டும், சப்ளையருக்குப் பத்து நாள், ஆகவே அடுத்த ஆர்டரை ஒரு வாரம் முன்னுக்கு இழுக்க வேண்டும். அதற்கான லிண்டல்கள் கீழே வார்த்து தண்ணீரில் கிடக்க வேண்டும், வாசலுக்கு ஒன்று என்று எண்ணினால் வீட்டுக்கு ஆறு. மூன்று வரிகளுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. தாளில் உண்மையான வேலை நடப்பது இந்த இடத்தில்தான்.

சுவரை ஒரே மூச்சில் மேல் வரை ஏற்றிவிட்டால் நாள் மிச்சமாகாதா?

ஆகாது. ஒரு நாளில் 1.5 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான விதி. அதற்கு மேல் போனால் அடி வரிசைச் சாந்து இறுகுவதற்குள் எடை ஏறிச் சுவர் தூக்குக்குண்டிலிருந்து விலகும். நம் மாடியில் ஏழு வரிசை 1.4 மீட்டர், சரியாகப் பாதி. ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு ஏற்றம். இதனால்தான் கொத்தனார்களை இரண்டு வீட்டில் மாற்றி மாற்றி வைத்தோம். அ வீட்டின் கீழ்ப்பாதி, பிறகு ஆ வீட்டின் கீழ்ப்பாதி, திரும்ப அ வீட்டின் மேல்பாதி. ஒரே வீட்டில் நான்கு ஜோடியையும் திணித்தால் பிற்பகலில் கட்ட இடமில்லாமல் நிற்பார்கள், அல்லது மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் எட்டாம் வரிசை ஏறிவிடும்.

மேல் வரிசைக்கும் பீமுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அன்றே அடைத்துவிடாமல், சுவர் அமர்ந்த பிறகு அடைக்க வேண்டும். இது சின்ன வேலை. தாளில் வரியாக இல்லாவிட்டால் யாருமே செய்ய மாட்டார்கள். பூச்சுக்காரர் சாந்தை வைத்து மூடிவிட்டுப் போவார்.

கொத்தனாருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் எப்போதும் சண்டை. தாளால் அது தீருமா?

பாதி தீரும். சண்டை பெரும்பாலும் ஒருவர் விட்டதை மற்றவர் எடுக்கும் இடத்தில்தான் வரும். வழக்கமாக "கொத்தனார் முடித்தபின் எலக்ட்ரீசியன்" என்று ஒரு அம்புக்குறி போடுவோம். உண்மையில் ஒரு வீட்டுக்குள் வேலை நான்கு தடவை கை மாறுகிறது.

முதலில், எலக்ட்ரீசியன் வருமுன் கொத்தனார் சுவரில் மட்டக் கோடு அடித்துத் தர வேண்டும். சுவிட்ச் பாக்ஸ் உயரம் முடிந்த தரையிலிருந்து கணக்கிடப்படுகிறது. வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்தால், டைல்ஸும் அதன் அடிச்சாந்தும் ஏறிய பிறகு எல்லா சுவிட்சும் அந்த அளவுக்குத் தாழ்ந்து நிற்கும். அதே கையோடு பூச்சின் முகம் எங்கே வரும் என்று காட்டும் பொட்டுகளையும் வைக்க வேண்டும். பாக்ஸ் விளிம்பு அந்தப் பொட்டோடு சமமாக நின்றால் பிறகு தகடு சுவரில் ஒட்டி உட்காரும். பொட்டு இல்லாமல் பாக்ஸ் வைத்தால் ஒன்று புதைந்து போகும், இல்லை துருத்தி நிற்கும். கோடு, பொட்டு இரண்டும் ஒரு ஜோடிக்கு அரை நாள் வேலை. அ வீட்டுக்கு இதை இரண்டாம் வார வியாழனில் எழுதினோம். முந்தைய மாடியில் இந்த வரியே இல்லை. எலக்ட்ரீசியன் காலையில் வந்து பதினொரு மணி வரை கொத்தனாரைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, எலக்ட்ரீசியன் முடித்ததும் அடைப்பதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. கூரையில் பதித்த பைப்பிலிருந்து பாக்ஸ் வரை இழுகம்பி விட்டுப் பார்க்க வேண்டும். கான்கிரீட் போடும்போது நசுங்கிய பைப் ஏதாவது இருந்தால் இப்போதுதான் தெரியும். பூச்சுக்குப் பிறகு தெரிந்தால் முடித்த சுவரை உடைக்க வேண்டும். இந்தப் பார்வைக்கு வீட்டுக்கு இரண்டு மணி நேரம். கையெழுத்துப் போடாமல் காடி அடைக்கக் கூடாது.

மூன்றாவது, காடியை அடைப்பது யார்? ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாத சைட்டில் இருவருமே "அது அவர் வேலை" என்பார்கள். தாளில் ஒரு ஜோடியின் பெயரைப் போட்டுவிடுங்கள். நான்காவது, பூச்சுக்காரர் பாக்ஸுக்குள் சாந்து போகாமல் மூடி வைத்துப் பூச வேண்டும். மூடியை எலக்ட்ரீசியன் தர வேண்டும். இது அற்பமாகத் தோன்றும். சாந்து அடைத்த பாக்ஸை உளியால் சுரண்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

காடி எவ்வளவு ஆழம் வெட்டலாம்? எலக்ட்ரீசியன் கேட்பதே இல்லை.

பரவலாகப் பின்பற்றும் அளவு இது: செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 100 மிமீ சுவரில் முதலாவது 33 மிமீ, இரண்டாவது வெறும் 16 மிமீ. கான்ட்யூட்டின் வெளி விட்டமே 20 அல்லது 25 மிமீ. ஆக மெல்லிய சுவரில் படுக்கையாக பைப் போக வழியே இல்லை. கூரையிலிருந்து நேராக இறங்க வேண்டும், அல்லது தரையில் ஓடி நேராக ஏற வேண்டும்.

இது திட்டத்தைப் பாதிக்கும் விஷயம். ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குப் படுக்கையாக இழுக்கத்தான் எலக்ட்ரீசியன் நினைத்திருந்தார் என்றால், அந்த மாற்றத்தை வரைபடத்தில் போட நாள் வேண்டும். அந்தக் கேள்வியை இரண்டாம் வார வெள்ளி காலை, கையில் கட்டரோடு நிற்கும்போது கேட்கக் கூடாது. முதல் வாரத்திலேயே எலக்ட்ரீசியனைக் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் கூட்டிப்போய் சாக்பீஸால் எல்லாப் புள்ளிகளையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் சுவரின் இரண்டு பக்கமும் பாக்ஸ் வந்தால் அப்போதே தள்ளிவிடலாம். இரண்டு பாக்ஸ் முதுகோடு முதுகாக வந்தால் 100 மிமீ சுவரில் மிஞ்ச எதுவும் இருக்காது.

பிளாக் முழுவதையும் ஒரே தடவையில் இறக்கி மாடியில் அடுக்கிவிட்டால் தொல்லை இல்லையே?

இதைக் கேட்காத கொத்தனார் மேஸ்திரி இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 12.5 பிளாக். ஒரு வீட்டுக்கு 1000, உடைசலுக்கு நூற்றுக்கு நான்கு சேர்த்தால் 1040. நான்கு வீட்டுக்கு 4160. ஒரு பிளாக் ஏறக்குறைய 16 கிலோ. மொத்தம் 66 டன்னுக்கு மேல்.

இப்போது எடை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சாலிட் கான்கிரீட் பிளாக் ஒரு கன மீட்டர் சுமார் 2 டன். ஒரு மீட்டர் உயரத்துக்கு நெருக்கி அடுக்கினால் அதன் கீழே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2 டன். குடியிருப்புக் கூரைகள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கான பயன்பாட்டு எடையைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அது படுக்கையாக வைத்த ஒரே ஒரு வரிசை பிளாக்கின் எடைக்குச் சமம். இடுப்பளவு அடுக்கைக் கூரையின் நடுவில் வைப்பது பத்து மடங்கு. நான் பார்த்த ஒரு சைட்டில் கூரை விழவில்லை. ஆனால் அடிப்பக்கம் பூசிய பிறகு நடுவில் மெல்லிய விரிசல்கள் வந்தன, எங்கே அடுக்கி வைத்தார்கள் என்று வரைபடமே போட்டது போல. பீம், தூண் ஓரமாக, உயரம் குறைத்து, எங்கே எவ்வளவு என்று பொறியாளர் குறித்துத் தந்த இடத்தில்தான் அடுக்க வேண்டும். அந்த இடங்களைத் தரையில் பெயின்டால் கட்டம் போட்டுவிட்டால் பேச்சே வேண்டாம்.

ஆகவே மாடியில் இரண்டு நாள் சரக்கு, மீதி கீழே. நாளுக்கு 32 சதுர மீட்டர் என்றால் 400 பிளாக், 6.4 டன். இது சரக்குத் தாளின் அடிப்படை எண்.

வண்டி நேரத்துக்கு வந்தாலும் மேலே பிளாக் போய்ச் சேருவதில்லை. ஏன்?

ஹாய்ஸ்ட் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குத் தாளில் வரி இல்லை. நம் சைட்டில் ஒரு தடவைக்கு 25 பிளாக் ஏறும், அதாவது 400 கிலோ. 400 பிளாக்குக்கு 16 தடவை. ஏற்றி, போய், இறக்கி, திரும்பப் பத்து நிமிடம் என்றால் 2 மணி 40 நிமிடம். அதோடு மணல், சிமென்ட், தண்ணீர் டிரம். இரண்டாம் வார வெள்ளியிலிருந்து எலக்ட்ரீசியன் வெட்டிய குப்பை கீழே இறங்க வேண்டும். மூன்றாம் வார வியாழனில் பூச்சு மணல் ஏற வேண்டும். 1:5 கலவையில், மேடு பள்ளத்தோடு சராசரி 15 மிமீ கனத்துக்கு, 100 சதுர மீட்டர் பூச்சுக்கு சிமென்ட் 10 மூட்டை, மணல் 1.7 கன மீட்டர் பிடிக்கும். மணல் மட்டும் ஏழு தடவை. அதே காலையில் மேல் மாடி பிளாக்கும் நிற்கிறது.

ஹாய்ஸ்டுக்குத் தனியாக ஒரு பட்டை வரையுங்கள். பிளாக்கை முந்தின நாள் மாலையில் ஏற்றுவது, காலை முதல் ஒரு மணி நேரம் சாந்துச் சரக்குக்கு மட்டும், குப்பை மதியத்துக்கு மேல் என்று நாங்கள் வைத்தோம். இதில் கவனிக்காமல் விட்டது கான்ட்யூட். 3 மீட்டர் நீளக் கட்டு ஹாய்ஸ்ட் கூண்டுக்குள் நுழையவில்லை. படிக்கட்டு வழியே தோளில்தான் போயிற்று. அடுத்த தாளில் அதற்கும் ஒரு வரி வந்தது.

சைட்டுக்குள் நுழையும் கேட்டும் ஒன்றுதான். பிளாக் லோடும் கம்பி லோடும் ஒரே காலையில் வந்தால் ஒன்று தெருவில் நிற்கும். அதனால் சப்ளையருக்கு நாளை மட்டும் சொல்லாமல், நாளின் எந்தப் பாதி என்றும் சொல்லுங்கள். ஆர்டர் போடும்போதே பிளாக் வார்த்த தேதியைக் கேளுங்கள். வார்த்து 28 நாள் ஆகாத பிளாக் சுவரில் ஏறிய பிறகும் சுருங்கும், பூச்சு அதோடு வெடிக்கும். "அவசரம், நாளைக்கே அனுப்புங்கள்" என்று கேட்கும்போது புதிதாக வார்த்த பிளாக்தான் வரும். அவசர ஆர்டரின் உண்மையான விலை அது.

தடைகளை எப்படி எழுதுவது? எங்கள் தாளில் "மெட்டீரியல் பெண்டிங்" என்றுதான் இருக்கும்.

அது தடை இல்லை, புலம்பல். படித்தவுடன் யார் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். எங்கள் தாளிலிருந்து ஒரு வரி: "ஆ வீடு, சமையலறை: மேடை எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரர் முடிவு சொல்லவில்லை. பாக்ஸ் இடம் குறிக்க முடியாது. வரைபடப் பொறியாளர் முதல் வாரப் புதனுக்குள் வாங்கித் தருவார். வராவிட்டால் அந்த ஒரு சுவரை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவோம்." என்ன குறை, யார், எந்தத் தேதி, வராவிட்டால் என்ன என்று நான்கும் அதில் இருக்கின்றன. கடைசி ஒன்றைப் பெரும்பாலோர் எழுத மாட்டார்கள். அது இருந்தால்தான் புதன்கிழமை பதில் வராதபோது யாரும் கையைப் பிசைய வேண்டியிருக்காது.

இன்னொரு வரி, யாருக்குமே தோன்றாதது: ஞாயிறன்று தண்ணீர் விடுவது யார்? ஏழு நாள் என்று எழுதிவிட்டு ஒரு நாள் சுவர் காய்ந்து கிடந்தால் கணக்கே பொய். அதற்கும் ஒரு பெயர்.

தடை நீங்காத வேலையை அடுத்த வாரத்துக்குள் விடக் கூடாது. இது ஒன்றுதான் இந்த முறையின் கறாரான விதி. "எப்படியும் வந்துவிடும்" என்று உள்ளே விட்ட வரிகள்தான் பிறகு நிற்கும்.

கூட்டத்தில் யார் உட்கார வேண்டும்?

கொத்தனார் மேஸ்திரி, எலக்ட்ரீசியன்களின் தலைவர், ஸ்டோர்காரர், சைட் இன்ஜினியர். முடிந்தால் பிளம்பரும், ஏனெனில் அதே சுவரை அவரும் வெட்டுவார். வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம், வியாழன் பிற்பகல். திங்கட்கிழமை காலையில் வைத்தால் அந்த வாரத்துக்கு எதையும் மாற்ற முடியாது.

நாள் கணக்கை வேலையைச் செய்பவரே சொல்ல வேண்டும். இன்ஜினியர் "இரண்டு நாளில் முடித்துவிடுவீர்கள் இல்லையா?" என்று கேட்டால் மேஸ்திரி மரியாதைக்குத் தலையாட்டுவார். "எத்தனை நாள் ஆகும், அண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பது கடினம்.

மழை பெய்தது, இரண்டு ஜோடி வரவில்லை. தாள் கிழிந்தது. திரும்ப முதலிலிருந்தா?

வேண்டாம். தடை எல்லாம் நீங்கி, ஆனால் இந்த வாரம் கட்டாயமில்லாத இரண்டு மூன்று வேலைகளைப் பக்கத்தில் வைத்திருங்கள். பீம் அடிச் சந்து அடைப்பது, அடுத்த மாடி லிண்டல் வார்ப்பது, கட்டி முடித்த வீட்டில் மட்டக் கோடு. மழை நாளில் உள்ளே இருக்கும் ஜோடிகள் அதற்குப் போவார்கள். ஆள் குறைந்தால் இரண்டு வீட்டிலும் பாதிப் பாதியாக இழுக்காதீர்கள். ஒரு வீட்டை முடியுங்கள். எலக்ட்ரீசியனுக்கு ஒரு முழு வீடு கிடைத்தால் போதும், இரண்டு அரை வீட்டால் அவருக்குப் பயன் இல்லை. மாற்றத்தை அன்று மாலையே ஸ்டோர்காரருக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டாத சுவருக்கு பிளாக் வந்து கேட்டில் நிற்கும்.

தாள் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாரக் கடைசியில் எண்ணுங்கள். இந்த வாரம் முடிப்போம் என்று சொன்னவை எத்தனை, முழுதாக முடிந்தவை எத்தனை. "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்பது முடியாதது. நம் மாடியில் முதல் வாரம் 20-ல் 13. முடியாத ஏழுக்கும் காரணம் எழுதினோம். மூன்று ஹாய்ஸ்ட், இரண்டு வரைபடம், ஒன்று ஆள், ஒன்று லிண்டல். ஆள் வரவில்லை என்றுதான் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் அது ஒன்றே ஒன்று. ஹாய்ஸ்டுக்குத் தனிப் பட்டை வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த எண்ணை வைத்து யாரையும் திட்ட ஆரம்பித்தால் அடுத்த வாரம் எல்லோரும் எளிய வேலைகளை மட்டும் வாக்குக் கொடுப்பார்கள், எண் நூறைத் தொடும், மாடி நகராது.

இதற்கு மென்பொருள் வேண்டுமா?

சுவரில் ஒட்டிய பெரிய தாளும் நிறச் சீட்டுகளும் போதும். கொத்தனாருக்கு ஒரு நிறம், எலக்ட்ரீசியனுக்கு ஒரு நிறம், சரக்குக்கு ஒரு நிறம், தடைக்குச் சிவப்பு. சீட்டை அவரவர் கையால் எழுதி ஒட்ட வேண்டும். எழுதப் பழக்கமில்லாத மேஸ்திரிக்குப் பக்கத்தில் ஒருவர் எழுதலாம், ஒட்டுவது மேஸ்திரிதான். கூட்டம் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், சப்ளையருக்கும் சேர்த்து.